தலைமையாசிரியையின் பணி நிறைவு உரை: பிள்ளைகளிடம் எதைச் சொல்லி விடைபெறுவது?

பணி நிறைவு உரை என்பது ஓய்வுபெறும் தலைமையாசிரியை தம் பள்ளிப் பிள்ளைகளிடம் தலைமையாசிரியையாக நின்று பேசும் கடைசிப் பேச்சு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்தப் பேச்சின் முதல் சிக்கல் அதன் பொருளில் இல்லை, தேதியில் இருக்கிறது. மாநில அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். ஒன்றாம் தேதி பிறந்தவராக இருந்தால் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். இன்று ஓய்வுபெறும் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி என்பது, ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று அந்தக் காலத்து வாத்தியார் வயதைக் கணக்குப் போட்டுத் தாமாக எழுதிக்கொண்டதுதான். அதனால் பணிப்பதிவேடுகளில் மே, ஜூன் மாதப் பிறந்தநாட்கள் நிறைய. மே 31 அன்று ஓய்வுபெறுகிறவருக்கு முன்னால் பள்ளி பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் கோடை விடுமுறையில் இருப்பார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு முன்பே பொதுத்தேர்வு எழுதிவிட்டுக் கலைந்து போயிருக்கும்.

வெளியுலகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பேச்சைக் கேட்க, வெளியே போகிற பிள்ளைகளே இருப்பதில்லை. விவரம் தெரிந்த தலைமையாசிரியைகள் ஓய்வு நாள் வரை காத்திருக்க மாட்டார்கள். செய்முறைத் தேர்வுகள் முடிந்து பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன் வரும் ஒரு வாரத்தில், முழுப் பள்ளியும் கூடி நிற்கும் காலை வணக்கக் கூட்டத்தில் பேசிவிடுவார்கள்.

மாலையில் நடக்கும் பாராட்டு விழா வேறு. அதற்குப் பந்தல், நாற்காலி, பொன்னாடை, வாழ்த்து மடல், நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. மாவட்டக் கல்வி அலுவலர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், ஊராட்சித் தலைவர், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வாழ்த்துரை வழங்குவார்கள். கடைசியில், பெரும்பாலும் இருட்டிய பிறகு, ஓய்வுபெறுகிறவரின் ஏற்புரை. அதில் நன்றி சொல்லவே நேரம் போதாது. கணவர், மாமியார், முதன்முதலில் வேலையில் சேர்ந்த ஊர், கூட வேலை பார்த்தவர்கள், அலுவலக உதவியாளர், சத்துணவு அமைப்பாளர் என்று யாரையும் விடக்கூடாது, விட்டால் மனவருத்தம். பிள்ளைகள் ஜமுக்காளத்தில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்து, எப்போது மிக்சரும் கேசரியும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கான நாலு வார்த்தையை அந்த மேடையில் சொன்னால் அது அவர்களைச் சேராது. ஏற்புரை பெரியவர்களுக்கு, காலைக் கூட்டப் பேச்சு பிள்ளைகளுக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் முறை.

காலைப் பேச்சில் எந்த நற்பண்புகளைச் சொல்வது? பள்ளிக்குள் பிள்ளைகள் சரியாக நடந்துகொள்வதற்கு அவர்களின் குணம் மட்டும் காரணமல்ல. மணி அடிக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, சீருடை இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியர் வாசலில் நிற்கிறார். நேரத்துக்கு வருவது, வரிசையில் நிற்பது, சட்டையை உள்ளே விட்டுக்கொள்வது எல்லாம் இந்த ஏற்பாட்டின் விளைவுகள். மணி இல்லாத இடத்தில் இவற்றில் எது நிற்கும் என்பதுதான் பேச்சுக்கு உரிய கேள்வி. நேரம் தவறாமை, தூய்மை, பெரியோரை மதித்தல், நாட்டுப்பற்று என்று பத்துப் பண்புகளை வரிசையாக அடுக்கும் உரை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதைக் கேட்டுக்கொள்ளும் தலைமையாசிரியை இரண்டு அல்லது மூன்று பண்புகளோடு நிறுத்திக்கொள்வார். அவையும் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஏதாவது ஒரு நடப்போடு ஒட்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியை 1965இல் பிறந்தவர், 2025இல் ஓய்வு. அவர் வந்த பிறகு பள்ளியில் நேர்மை அங்காடி ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் உள்ள ஏற்பாடுதான் இது. ஒரு திறந்த அலமாரியில் பேனா, பென்சில், அழிப்பான், நோட்டு இருக்கும், விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு காசுப்பெட்டி. விற்க ஆள் கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் கணக்குப் பார்க்கிறார்கள். முதல் வாரம் 430 ரூபாய்ச் சரக்கு போயிருக்கிறது, பெட்டியில் 385 ரூபாய் இருக்கிறது. குறைவு 45. வழக்கமான புத்தி என்ன செய்யும்? எடுத்தது யார் என்று துப்புத் துலக்கும், பையைச் சோதிக்கும், அல்லது அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மாணவத் தலைவனை நிறுத்தும். ஆள் நிறுத்திய மறுநிமிடமே அது சாதாரணக் கடை ஆகிவிடும். இந்தத் தலைமையாசிரியை குறைவை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறார்: யார் பெயரும் இல்லாமல், திட்டும் இல்லாமல். குறைந்த தொகையைத் தம் கையிலிருந்து போட்டு அடுத்த வாரத்துக்குச் சரக்கு வாங்குகிறார். வாரங்கள் போகப் போகக் குறைவு முப்பது, பன்னிரண்டு, ஏழு என்று இறங்குகிறது, நடுவில் ஒருமுறை நாற்பதுக்கு ஏறுகிறது, அடியோடு நிற்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து ரூபாய் கூடுதலாகவே இருக்கிறது. யாரோ பழைய பாக்கியைத் தீர்த்திருக்கலாம். எண்ணியவர்கள் தவறவிட்டும் இருக்கலாம்.

நேர்மையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல பொருள் எந்த நீதிக்கதையிலும் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தெரிந்த அலமாரி, அவர்கள் வாசித்த பலகை. உரையில் இப்படி வரும்: “பிள்ளைகளா, அந்த அலமாரிக்கு ஆள் போடாததுக்கு உங்க மேல எனக்கு இருக்கிற நம்பிக்கை மட்டும் காரணம் இல்ல. யாரும் பாக்காத இடத்துல நீங்க என்ன செய்வீங்கன்னு முதல்ல உங்களுக்குத் தெரியணும். எனக்குத் தெரிய வேண்டியதில்ல. எழுதிப் போட்ட குறைவுல உங்க பங்கு எவ்வளவுன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நாளைக்கு ரேஷன் கடையில, பேங்க்ல, கம்பெனி ஸ்டோர்ல சாவி உங்க கைக்கு வரும். அப்பவும் இதே கணக்குதான்.” குறைவு நின்றபாடில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘நம் பிள்ளைகள் தங்கங்கள், ஒரு பைசா குறையவில்லை’ என்று மேடையில் சொன்னால், உண்மை தெரிந்த எண்ணூறு பேர் முன்னால் நேர்மை பற்றிப் பொய் சொன்னதாகிவிடும்.

இரண்டாவது பண்பு சாதி பார்க்காமை. தென்மாவட்டப் பள்ளியொன்றில் ஓய்வுபெறுகிறவர் இதைத் தொடாமல் போனால் அந்தப் பேச்சு முழுமை பெறாது. பிள்ளைகள் கையில் கட்டும் நிறக்கயிறுகள் அங்கே அலங்காரம் அல்ல. எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, பள்ளிகளில் சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது.

தடை பள்ளிவாசல் வரைதான் செல்லும். உள்ளே வரும்போது கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாலரை மணிக்கு வெளியே போனதும் கட்டிக்கொள்ளும் பிள்ளையை விதி ஒன்றும் செய்ய முடியாது. பணி நிறைவு உரை பேச வேண்டியது அந்தப் பிள்ளையிடம்தான். ‘சாதி இரண்டொழிய வேறில்லை’ வகைப் பொதுவாசகங்கள் அவன் காதில் ஏறாது. அவற்றை அவன் பேச்சுப்போட்டியில் ஒப்பித்துப் பரிசே வாங்கியிருப்பான். உரை நேராகத் தொட வேண்டும்: “கேட்டைத் தாண்டினதும் சில பேர் கயித்தை எடுத்துக் கட்டுறீங்க. எனக்குத் தெரியும். இத்தனை நாள் உள்ள வர்றப்ப அவிழ்க்கச் சொல்ல நான் நின்னேன். இனி வேற டீச்சர் நிப்பாங்க, அப்புறம் யாருமே நிக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மத்தியானம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவன் வீட்டுக்கு ஒரு நாள் போய் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வாங்க. அவனை உங்க வீட்டு வாசப்படி தாண்டி உள்ள கூப்பிடுங்க. வீட்டுல என்ன சொல்வாங்கன்னு பயமா இருந்தா, அந்தப் பயம் எங்கேயிருந்து வருதுன்னு யோசிங்க.”

பள்ளிக்குள் ஒரே தட்டு, ஒரே பந்தி என்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்த காரியம். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும், 2022இல் வந்த காலை உணவும் பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டன. மிச்சமிருப்பது வீட்டு வாசற்படி. வாசற்படியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் உரைக்கும் சமத்துவம் என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துவிடும் உரைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாதி பற்றிய பேச்சை, பேசுகிறவருடைய பழைய நடப்பு தாங்க வேண்டும். கழிப்பறை கழுவவும் தண்ணீர் தூக்கவும் எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்பினார்கள், ஆசிரியர் அறையில் யாருடைய டம்ளர் தனியாக இருந்தது, ஆண்டுவிழா மேடையில் யாரை முன்னால் நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பார்த்து வைத்திருப்பார்கள். நடப்பு சரியில்லாத பள்ளியில் இந்தப் பகுதியைப் பேசாமல் விடுவதே மேல். பேசினால் பின்வரிசையில் சிரிப்பு எழும். எழுந்தால் அது நியாயமான சிரிப்புதான்.

மூன்றாவதாக வருவது, முடியாதபோது வாய்விட்டுச் சொல்லும் துணிவு. இதைப் பண்புகளின் பட்டியலில் பெரும்பாலோர் சேர்ப்பதில்லை; ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு வெளியுலகில் அதிகம் தேவைப்படுவது இதுதான். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் அவர்கள் பள்ளிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூடத் தாயை அனுப்புவார்கள். அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதோ, அதை எழுதித் தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர முயலலாம் என்பதோ அவர்கள் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் திருப்பூருக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள். பெண்பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

எனவே இந்தப் பகுதியில் உபதேசம் குறைவாகவும் தகவல் கூடுதலாகவும் இருப்பது நல்லது. தேர்வில் தவறினால் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லிவிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பதினெட்டு வயதுக்கு முன் திருமணப் பேச்சு வந்தால் 1098. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. “அம்மா, என்னால முடியலன்னு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க. ஃபெயில் ஆனவங்களும் இதே வாசல் வழியா வந்து என் நாற்காலியில அடுத்து உக்காருறவங்களைப் பாக்கலாம்.” இதற்கு மேல் இங்கே விரிக்கத் தேவையில்லை.

இந்த உரை எங்கெல்லாம் கெட்டுப்போகிறது என்பதும் பார்க்கத் தக்கது. பேசுகிறவர் தம் வாழ்க்கை வரலாற்றில் இறங்கினால் திரும்பி வர வழி தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் மாறுதலான ஊர்களை வரிசையாகச் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும். தேர்ச்சி விழுக்காடு இன்னொரு பள்ளம். ‘நான் வரும்போது எழுபது, போகும்போது தொண்ணூற்றெட்டு’ என்பது ஆய்வுக் கூட்டத்தில் அலுவலர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. பிள்ளைகளுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘பணம் பெரிதல்ல’ என்று நூறுநாள் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளிடம், ஓய்வூதியத்தோடு வெளியேறுகிறவர் சொல்வது காதுக்கு இனிக்காது. ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவானாலும் அடித்துவிட வேண்டியதே.

எல்லாவற்றையும்விடக் கேடானது ஒரு பிள்ளையின் கதையை அடையாளம் தெரியும்படி சொல்வது. அப்பா குடிப்பவர், சாப்பாட்டுக்கு வழியில்லை, நான்தான் நோட்டு வாங்கித் தந்தேன், இன்று நர்ஸாக இருக்கிறாள் என்று நெகிழ்ச்சியோடு சொல்லும்போது, அந்தப் பெண்ணின் தம்பி ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நின்றுகொண்டிருப்பான். அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. உதவி செய்ததை மேடையில் சொல்லிக்காட்டினால், பெற்றவர் கூனிக்குறுகும் கடனாக அது மாறிவிடுகிறது. தவிர்க்க முடியாத கதையானால் ஊர், ஆண்டு, வேலை எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அல்லது சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

நேரமும் மொழியும் எளிய விஷயங்கள், ஆனால் தவறினால் மற்றதெல்லாம் வீண். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்து பேச்சு தொடங்கும்போதே பிள்ளைகள் கால்மணி நேரம் வெயிலில் நின்றிருப்பார்கள். சிலர் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். நீண்ட பேச்சில் யாராவது மயங்கி விழுவது பள்ளிகளில் புதிதல்ல. உட்கார வைத்துவிட்டுப் பேசுவது பாதி வெற்றி. பத்து நிமிடம் தாண்டக்கூடாது. எழுதிப் பார்த்தால் எண்ணூறு சொற்களுக்குள் அடங்கிவிட வேண்டும். செந்தமிழில் எழுதிப் படிப்பதைவிட, குறிப்பு வைத்துக்கொண்டு வகுப்பில் பேசும் தமிழிலேயே பேசுவது நல்லது. ஆறாண்டு கேட்ட குரல் கடைசி நாளில் மட்டும் மேடைக் குரலாக மாறினால் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றும். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அழுகை வரும் என்று தெரிந்த வரியைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வைத்தால் அதன் பிறகு சொல்லும் எதுவும் யாருக்கும் நினைவிருக்காது.

உரை பலித்ததா என்று பேசியவருக்குத் தெரிய வழியில்லை. கைத்தட்டல் எதையும் காட்டாது. பிள்ளைகள் எதற்கும் தட்டுவார்கள். ஓரளவுக்குக் காட்டக்கூடியது, மேலே சொன்ன அலமாரி. தலைமையாசிரியை ஓய்வு நாளன்று சாவிக்கொத்து, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு எல்லாவற்றையும் அடுத்தவரிடம் எண்ணிக் கொடுத்துப் பொறுப்பு ஒப்படைக்கிறார். நேர்மை அங்காடி அந்தப் பட்டியலில் எங்கும் வராது. புதிதாக வருகிறவர் அதைத் தொடரலாம், இடத்தை அடைக்கிறது என்று எடுத்தும் விடலாம். ஆகவே உரைக்கு முன்பே அந்த அலமாரியை ஓர் ஆசிரியரிடமும் இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் ஒப்படைத்துவிட்டு, அதை அந்தக் கூட்டத்திலேயே அறிவிப்பவர்கள் உண்டு. பேச்சைவிட அந்த ஒப்படைப்பு நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

பாராட்டு விழா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் நாள் குறிக்கும்போதே, பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு காலைக் கூட்டத்தைத் தலைமையாசிரியைக்கென்று ஒதுக்கிவையுங்கள். அன்று வேறு யாரும் பேச வேண்டாம். பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும்.